வீட்டுக்குள்ளே இருக்கும் ஃபோனுக்கு இடம் எப்படித் தெரிகிறது?

“வீட்டுக்குள்ள ஜிபிஎஸ் கிடைக்காதுன்னு சொல்றாங்க. ஆனா எனக்கு மேப்ல வீட்டு மேலயே புள்ளி வருது. போன மாசம் தாம்பரத்துல இருந்து வேளச்சேரிக்கு வீடு மாறினோம், கொஞ்ச நாள் புது வீட்டுக்குள்ள உக்காந்திருந்தாலும் தாம்பரத்தையே காட்டுச்சு. தெருவுக்கு வந்தா சரியாயிடும். ஜிபிஎஸ், வைஃபை, டவர் மூணுல எதை வச்சுத்தான் ஃபோன் இடத்தைக் கண்டுபிடிக்குது?”

தாம்பரத்தைக் காட்டியது ஜிபிஎஸ் செய்த தப்பு இல்லை. நீங்கள் சாமான்களோடு சாமானாக எடுத்துப் போன வைஃபை ரவுட்டர் செய்த வேலை அது. ஏன் என்று புரிய, மூன்றும் தனித்தனியாக என்ன செய்கின்றன என்பதையும், அதைவிட முக்கியமாக ஒன்றிடம் இன்னொன்று என்ன கடன் வாங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றில் எது கிடைக்கிறதோ அதை ஃபோன் எடுத்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

ஜிபிஎஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் “நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். ஃபோன் பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டும் செய்கிறது. (அதனால்தான் ஃப்ளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.) தலைக்கு நேர் மேலே இருக்கும் கோளிலிருந்து சிக்னல் வர ஒரு நொடியில் 15-ல் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்தத் தாமதத்தை அளந்தால் தூரம் தெரியும். சிக்கல் என்னவென்றால், கோளில் இருப்பது அணுக்கடிகாரம், ஃபோனில் இருப்பது மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். ஒரு மைக்ரோ நொடி தப்பினாலே 300 மீட்டர் தப்பிவிடும். அதனால் ஃபோன் தன் கடிகாரப் பிழையையும் தெரியாத ஒரு எண்ணாக வைத்துக்கொள்கிறது. நீளம், அகலம், உயரம், கடிகாரப் பிழை என்று கண்டுபிடிக்க வேண்டியவை நான்கு, ஆகவே குறைந்தது நான்கு கோள்கள் வேண்டும்.

அந்த சிக்னல் தரைக்கு வரும்போது மிச்சம் இருப்பது ஒரு வாட்டில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. திறந்த மொட்டை மாடியில் அதைப் பிடிப்பதே கெட்டிக்காரத்தனமான கணக்கால்தான், இதில் ஒரு கான்கிரீட் தளம் குறுக்கே வந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. ஜன்னல் ஓரம் ஒன்றிரண்டு கோள் மட்டும் கேட்கும். “GPSTest” என்ற ஆண்ட்ராய்டு ஆப்பை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கோளுக்கும் பக்கத்தில் அதன் சிக்னல் தரம் ஒரு எண்ணாக வரும். மொட்டை மாடியில் பல கோள்களுக்கு 35-லிருந்து 45 வரை இருக்கும், ஹாலுக்கு வந்ததும் 20-க்குக் கீழே சரியும், கழிவறைக்குள் போனால் பட்டியலே காலியாகும்.

இங்கேதான் முதல் கடன் வருகிறது. கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற வேகத்தில்தான் சொல்கிறது. கணக்குப் போட வேண்டிய அளவு விவரம் முழுதாக வந்து சேர 18-லிருந்து 30 நொடி வரை ஆகும். நடுவில் ஒரு பஸ் மறைத்து விட்டுப்போனால் அந்தப் பகுதி மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். பழைய தனி ஜிபிஎஸ் கருவிகள் ஆன் செய்த பிறகு நிமிடக்கணக்கில் யோசித்தது இதனால்தான். ஃபோன் அப்படிக் காத்திருப்பதில்லை, அதே விவரத்தை இணையத்திலிருந்து ஒரு நொடியில் எடுத்துக்கொள்கிறது. கூடவே எந்த டவர் தெரிகிறது என்பதை வைத்து “நாம் சென்னையின் தென்பகுதியில் எங்கேயோ இருக்கிறோம்” என்று தோராயமாகத் தெரிந்துகொள்கிறது. அது தெரிந்தால் இப்போது வானத்தில் எந்தெந்தக் கோள் இருக்க வேண்டும், எந்த அலைவரிசையில் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும், வானம் முழுவதையும் துழாவ வேண்டாம். டவர் காட்டும் இடம் கிலோமீட்டர் கணக்கில் தப்பாக இருந்தாலும் இந்த வேலைக்குப் போதும். அதனால்தான் ஃபோனில் ஜிபிஎஸ் சட்டென்று பிடிக்கிறது.

டவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு டவரின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு எண் உண்டு (முன்னால் நாட்டுக் குறியீடு, இந்தியாவுக்கு 404 அல்லது 405). வழக்கமாக ஒரு டவரில் மூன்று பக்கம், ஒவ்வொன்றும் 120 டிகிரி. அந்த எண் எந்த இடத்தில் கேட்கும் என்ற பட்டியல் சர்வரில் இருக்கிறது, ஃபோன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. நகரத்தில் சில நூறு மீட்டர் வட்டம் கிடைக்கும், கிராமத்தில் பல கிலோமீட்டர். போலீஸ் “டவர் லொகேஷன்” என்று சொல்வது வேறு: அது டெலிகாம் கம்பெனியின் பதிவில், அழைப்பு எந்த டவர் வழியாகப் போனது என்று இருக்கும் குறிப்பு. அதில் உங்கள் வைஃபைக்கோ ஜிபிஎஸ்ஸுக்கோ இடமில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுவதை அடிக்கடி பார்க்கிறேன், அதனால் சொன்னேன்.

சரி, வைஃபை. உங்கள் கேள்விக்கு முக்கால்வாசி பதில் இங்கேதான் இருக்கிறது.

ரவுட்டர் சும்மா இருக்கும்போதும் நொடிக்குச் சுமார் பத்து தடவை தன் பெயரையும், BSSID என்கிற தன் தனி எண்ணையும் கூவிக்கொண்டே இருக்கிறது. பாஸ்வேர்ட் தெரியாத, நீங்கள் ஒருபோதும் இணையாத பக்கத்து வீட்டு ரவுட்டரின் கூவலும் உங்கள் ஃபோனுக்குக் கேட்கும். ஃபோன் அந்த எண்களையும், ஒவ்வொன்றும் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதையும் குறித்து சர்வருக்கு அனுப்புகிறது. சர்வரிடம் எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பெரிய பட்டியல் உண்டு. “இந்த ஐந்தும் ஒன்றாகக் கேட்கின்றன என்றால் நீ இங்கே இருக்கிறாய்” என்று பதில் வரும். ஜிபிஎஸ்ஸே இல்லாத 2007 ஐஃபோனுக்கு 2008 ஜனவரி அப்டேட்டில் இடம் காட்டும் வசதி வந்ததே, அது ஸ்கைஹுக் என்ற கம்பெனியின் வைஃபை பட்டியலையும் கூகுளின் டவர் பட்டியலையும் வைத்துத்தான்.

அந்தப் பட்டியலை யார் போட்டது? ஆரம்பத்தில் கார்களில் ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டிப் பதிவு செய்தார்கள். இப்போது பெரும்பாலும் நாமே செய்கிறோம். தெருவில் நடக்கிற ஒருவருடைய ஃபோனில் ஜிபிஎஸ் நன்றாகக் கிடைக்கிறது, அதே நேரம் நாலு ரவுட்டரும் கேட்கிறது. “இந்த இடத்தில் இந்த நாலும் கேட்டன” என்ற குறிப்பு சர்வருக்குப் போகிறது. ஆயிரம் பேர் நடந்து போனால் ஆயிரம் குறிப்பு. அதாவது வீட்டுக்குள் உங்களுக்கு வைஃபை சொல்லும் இடம், எப்போதோ வெளியே போன யாரோ ஒருவரின் ஜிபிஎஸ் கண்டுபிடித்த இடம்தான். இது இரண்டாவது கடன், எல்லாவற்றிலும் பெரியது. குறிப்புகள் பெரும்பாலும் தெருவிலிருந்தே வருவதால், வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்குப் புள்ளி கொஞ்சம் தெருப் பக்கம் சாய்ந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் ரவுட்டரின் எண் பட்டியலில் தாம்பரத்தில் பதிவாகியிருந்தது. வேளச்சேரியில் அதைச் செருகிய அன்று ஃபோனுக்கு மிகச் சத்தமாகக் கேட்டது அதுதான். பழைய குடியிருப்பாக இருந்து பக்கத்தில் பதிவான ரவுட்டர்கள் பத்துப் பதினைந்து இருந்திருந்தால், “இது ஒன்று மட்டும் தாம்பரம் என்கிறது, மற்றவை எல்லாம் வேளச்சேரி என்கின்றன” என்று இதை ஒதுக்கியிருக்க முடியும். நீங்கள் போனது புதுக் கட்டடம் என்று ஊகிக்கிறேன். அங்கே மற்ற ரவுட்டர்களும் புதிதாக வாங்கியவையாக இருந்தால் பட்டியலில் அவை இருக்காது, உங்களுடையது ஒன்றே சாட்சி, அதுவும் பொய்ச்சாட்சி. தெருவுக்கு வந்ததும் ஜிபிஎஸ் கிடைத்து அதை அடித்துத் தள்ளிவிட்டது.

அடுத்து, சேர்க்கும் வேலை. ஆண்ட்ராய்டில் இதைச் செய்கிற பகுதிக்கு Fused Location Provider என்று பெயர், 2013-ல் வந்தது. எந்த வழியில் வந்தாலும் இடம் ஒரு வெறும் புள்ளியாக வருவதில்லை, ஒரு வட்டத்தோடு வருகிறது. மேப்பில் வெளிர்நீலமாகத் தெரிகிறதே, அதுதான். ஆண்ட்ராய்டில் அதற்கு அர்த்தம், நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பது. ஆகவே மூன்றில் ஒரு தடவை வட்டத்துக்கு வெளியே இருப்பது பிழையே இல்லை.

சேர்ப்பது எப்படி என்பதை ஒரு இடத்தை வைத்தே சொல்கிறேன். டெலிவரி வண்டிகளுக்கான டிராக்கிங் ஆப் வேலையில் இருப்பதால் தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிறைய நடந்திருக்கிறேன். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து உஸ்மான் ரோடு வரை கிழக்கு மேற்காகப் போகும் ஒடுங்கிய தெரு, இரண்டு பக்கமும் உயரமான கடைகள். தலைக்கு மேலே வானம் ஒரு ரிப்பன் மாதிரிதான் தெரியும். அந்த ரிப்பனில் கிழக்கிலும் மேற்கிலும் கோள்கள் கிடைக்கும், வடக்கிலும் தெற்கிலும் இருப்பவை சுவருக்குப் பின்னால். அதனால் தெருவின் நீளவாக்கில் எவ்வளவு தூரம் வந்தோம் என்பது நன்றாகவே வரும், குறுக்குவாக்கில்தான் தள்ளாடும். போதாததற்கு மறைந்திருக்கும் கோளின் சிக்னல் எதிர்க்கடைச் சுவரில் மோதித் திரும்பி வரும். அது சுற்றி வந்த கூடுதல் தூரம் 30 மீட்டர் என்றால், ஃபோன் அந்தக் கோள் 30 மீட்டர் தள்ளி இருப்பதாக நினைத்துக் கணக்கைக் கெடுத்துக்கொள்ளும். நடந்துபோகிற உங்களைப் பக்கத்துத் தெருவில் போட்டுவிடுவது இதுதான்.

நீளவாக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஸ்டேஷன் முனையிலிருந்து 100 மீட்டரில் இருக்கிறாய், வட்டம் 10 மீட்டர் என்கிறது ஜிபிஎஸ். 130-ல் இருக்கிறாய், வட்டம் 20 மீட்டர் என்கிறது வைஃபை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 115 என்று எடுக்கக் கூடாது. ஒவ்வொன்றின் பேச்சுக்கும் உள்ள மதிப்பு, அதன் வட்டத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ். 10-க்கு 100, 20-க்கு 400, ஆகவே ஜிபிஎஸ்ஸுக்கு 4 பங்கு, வைஃபைக்கு 1 பங்கு. நாலு நூறும் ஒரு 130-ம் சேர்த்து 530, ஐந்தால் வகுத்தால் 106. புதிய வட்டம் சுமார் 9 மீட்டர், இரண்டில் நல்லதைவிடவும் கொஞ்சம் சிறியது. சுமாரான சாட்சி என்று வைஃபையைத் தூக்கிப் போடாமல் கூட வைத்துக்கொண்டதால் கிடைத்த லாபம் அது.

அப்படியே கடைக்குள் நுழைகிறீர்கள். நாலு அடி உள்ளே போனதும் ஜிபிஎஸ்ஸின் வட்டம் 60 மீட்டராக ஊதிவிடுகிறது, அது 60 மீட்டரில் இருப்பதாக வேறு சொல்கிறது. வைஃபை மாறாமல் 130, வட்டம் 20. இப்போது பங்கு தலைகீழாகி வைஃபைக்கு 9, ஜிபிஎஸ்ஸுக்கு 1, விடை 123. வாசலில் யாரும் சுவிட்ச் போட்டு ஜிபிஎஸ்ஸிலிருந்து வைஃபைக்கு மாற்றவில்லை, மதிப்புதான் தானாகக் கைமாறியது. கணக்கின் அடிப்படை இதுதான். நிஜத்தில் ஃபோன் இன்னொரு சாட்சியையும் சேர்க்கும்: ஒரு நொடிக்கு முன்னால் நீங்கள் இருந்த இடம். முடுக்கமானி நாலு அடி வைத்ததாகச் சொன்னால் சுமார் 3 மீட்டர்தான் நகர்ந்திருக்க முடியும், ஜிபிஎஸ் திடீரென 40 மீட்டர் பின்னால் குதித்தால் நம்ப வேண்டாம் என்று அது பிடித்து நிறுத்தும். இப்படி முன்னதை வைத்து ஊகித்து, புதிதாக வந்ததை வைத்துத் திருத்திக்கொண்டே போகும் முறைக்குக் கால்மன் ஃபில்டர் என்று பெயர்.

கடைக்குள் வைஃபை ஏன் 20 மீட்டருக்குக் கீழே லேசில் இறங்குவதில்லை என்றால், அது சத்தத்தை வைத்துத் தூரத்தை ஊகிக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் 6 டெசிபெல் குறையும். ஒரு செங்கல் சுவரும் கிட்டத்தட்ட அவ்வளவை விழுங்கிவிடும். ஃபோனுக்கு இது சுவரா தூரமா என்று தெரியாது. தீபாவளிக் கூட்டம் நெருக்கினால் மனித உடம்பில் இருக்கும் தண்ணீரும் உறிஞ்சும், காலையில் வந்த எண் மாலையில் வராது. சத்தத்தை விட்டுவிட்டு, சிக்னல் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் வைஃபை முறை ஒன்று ஆண்ட்ராய்டு 9-லிருந்து (2018) இருக்கிறது, ஒன்றிரண்டு மீட்டர் வரை துல்லியம் தரும். ஆனால் ரவுட்டரும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், நம் வீடுகளிலும் கடைகளிலும் இருக்கும் பெரும்பாலான ரவுட்டர்களில் அது இல்லை. எந்த மாடி என்பது தனிக் கதை. அதற்குக் காற்றழுத்தமானி வேண்டும், 8 மீட்டர் ஏறினால் சுமார் 1 ஹெக்டாபாஸ்கல் குறையும், ஒரு மாடி என்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். சென்சார் அதைப் பிடித்துவிடும், ஆனால் விலை குறைந்த ஃபோன்கள் பலவற்றில் அந்த சென்சாரே கிடையாது.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் வீட்டுச் சம்பவத்தில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இது. தாம்பரத்தைக் காட்டியபோது வட்டம் பெரிதாக இருந்ததா, சின்னதாக இருந்ததா? அநேகமாகச் சின்னதாகத்தான் இருந்திருக்கும். வட்டம் சொல்வது, பட்டியல் சரியாக இருந்தால் எவ்வளவு துல்லியம் என்பதை மட்டும்தான். பட்டியலே பழையதாகிவிட்டது என்பது வட்டத்துக்குத் தெரியாது. மதிப்பு வட்டத்தை வைத்தே போடப்படுவதால், தைரியமாகப் பொய் சொல்லும் சாட்சி அடக்கமாக உண்மை சொல்லும் சாட்சியை ஜெயித்துவிடும். வேளச்சேரியில் இருக்கிறாய் என்று டவர் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும், அதன் வட்டம் ஒரு கிலோமீட்டர் என்பதால் எடுபடவில்லை. டெலிவரி ஆப்பில் இதனால் நாங்கள் பட்டிருக்கிறோம். ஒரு கிடங்கை வேறு ஊருக்கு மாற்றியபோது ரவுட்டர்களையும் கூடவே கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த வண்டிகள் எல்லாம் பழைய ஊரில், அதுவும் 25 மீட்டர் துல்லியத்தில் நிற்பதாகத் திரையில் வந்தன. அன்றிலிருந்து, புதிதாக வந்த இடத்துக்கும் முந்தைய இடத்துக்கும் உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்து, வண்டி ஓட முடியாத வேகம் வந்தால் வட்டம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நிராகரிக்கிறோம்.

உங்கள் வீட்டில் இன்னமும் இப்படி வந்தால் சோதிப்பது சுலபம். வைஃபையை அணைத்தால் மட்டும் போதாது, செட்டிங்ஸில் Location பகுதிக்குள் Wi-Fi scanning என்று ஒன்று இருக்கும், வைஃபை அணைந்திருந்தாலும் ரவுட்டர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பது அதுதான். இரண்டையும் அணைத்துவிட்டு பால்கனிக்குப் போய் ஒரு நிமிடம் நில்லுங்கள். புள்ளி வேளச்சேரிக்கு வந்துவிட்டால் குற்றவாளி ரவுட்டர்தான். கம்ப்யூட்டர் பழக்கம் இருந்தால் ஃபோனில் USB debugging-ஐ ஆன் செய்து கேபிளில் இணைத்து இதைப் போட்டுப் பாருங்கள்:

```
adb shell "dumpsys location | grep hAcc"
```

`gps`, `network`, `fused` என்று தனித்தனி வரிகளாக வரும். `network` என்பது வைஃபையும் டவரும் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் அட்சரேகை, தீர்க்கரேகை, அதற்குப் பிறகு `hAcc` என்று வட்டத்தின் ஆரம் மீட்டரில் இருக்கும். `network` வரி தாம்பரத்தையும் `gps` வரி வேளச்சேரியையும் காட்டினால் சந்தேகமே வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், `gps` வரி கடைசியாகக் கிடைத்த இடத்தையே வைத்திருக்கும், அது காலையில் வெளியே போனபோது எடுத்ததாகவும் இருக்கலாம். அதனால் பால்கனியில் மேப்பைத் திறந்து வைத்து, புதிதாக எடுக்கவிட்ட பிறகு பாருங்கள்.

சரிசெய்ய உங்கள் கையில் பொத்தான் எதுவும் இல்லை. வைஃபையையும் ஸ்கேனிங்கையும் மறுபடி ஆன் செய்துவிட்டு, வீட்டு வாசலிலும் பால்கனியிலும் ஜிபிஎஸ் நன்றாகக் கிடைக்கும்போது மேப்பைத் திறந்து வைத்தால் புதுக் குறிப்புகள் போகும், அக்கம்பக்கத்தாரின் ஃபோன்களும் போகிற போக்கில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும், புது இடம் பதிவாகச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். ரவுட்டர் இந்தப் பட்டியலிலேயே இருக்க வேண்டாம் என்றால் அதன் பெயரின் கடைசியில் `_nomap` என்று சேர்த்துவிடுங்கள். கூகுள் அப்படிப்பட்ட பெயர்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. வீட்டில் இருக்கிற எல்லா ஃபோனிலும் டிவியிலும் புதுப் பெயரில் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் தொந்தரவு.